இருபது சின்னக் கட்டங்களில் ஒரு இதயத்துடிப்பு

"முதலாம் ஆண்டு படிக்கிறேன். ஃபிசியாலஜி ஸ்லைடில் கார்டியாக் சைக்கிள் படம் ஒன்று கொடுத்திருக்கிறார்கள். மேலே ஐந்தாறு கோடுகள், கீழே இசிஜி. P என்றால் மேலறை சுருங்குது, QRS என்றால் கீழறை சுருங்குது, T என்றால் கீழறை தளருது என்று மனப்பாடம் பண்ணி வைத்திருக்கிறேன். ஆனால் படத்தில் T வரும்போதும் ரத்தம் வெளியே போய்க்கொண்டுதான் இருக்கிறது. படம் தப்பா, நான் தப்பா? நார்மல் இசிஜியை ஒவ்வொரு கட்டமாக யாராவது விளக்க முடியுமா?"

படம் சரி. தப்பு அந்த மூன்று "என்றால்"களில் இருக்கிறது. முதலாம் ஆண்டு மாணவர்களுக்குப் பல வருடங்களாக ஃபிசியாலஜி எடுத்து வருகிறேன். கார்டியாக் சைக்கிளில் தடுமாறுகிறவர்களில் பெரும்பாலோர் தடுமாறுவது இதே இடத்தில்தான். இசிஜி காட்டுவது மின்சாரத்தை. சுருக்கத்தை அது காட்டுவதே இல்லை. மின்சாரம் முன்னால் போகும், தசை பின்னால் வரும். அந்த இடைவெளி சிறியதுதான், ஆனால் உங்கள் ஸ்லைடில் கோடுகள் பொருந்தாமல் போவதற்கு அது போதும்.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் இதிலிருந்துதான் வரும். மார்பில் ஒட்டிய மின்முனைகள், இதயத்தின் ஒரு பகுதிக்கும் இன்னொரு பகுதிக்கும் இடையே மின்னழுத்தத்தில் வித்தியாசம் இருந்தால் மட்டுமே கோட்டை நகர்த்தும். கீழறையின் பாதி மின்தூண்டல் பெற்று, மறுபாதி பெறாமல் இருந்தால் வித்தியாசம் உண்டு. கோடு ஏறும், இறங்கும். கீழறை முழுவதும் தூண்டல் பெற்றுவிட்டால் வித்தியாசம் இல்லை, கோடு தட்டையாகிவிடும். அந்தத் தட்டையான நேரத்தில்தான் தசை முழு மூச்சில் சுருங்கிக்கொண்டிருக்கிறது. ஆக, இசிஜியில் மேடுகள் தெரியும்போது செய்தி பரவுகிறது, தட்டையாக ஓடும்போது பெரும்பாலும் வேலை நடக்கிறது. மாணவர்கள் மேடுகளை மட்டும் படித்துவிட்டுத் தட்டைகளை விட்டுவிடுகிறார்கள்.

தேர் இழுப்பதைப் பார்த்திருப்பீர்கள். முதலில் விசில். அப்புறம் வடம் விறைக்கிறது. கூட்டம் மூச்சுப் பிடித்து இழுக்கிறது, ஆனால் தேர் இன்னும் அசையவில்லை. அதற்குப் பிறகுதான் சக்கரம் உருள்கிறது. QRS என்பது விசில். வடம் விறைப்பதும் தேர் நகர்வதும் இசிஜியில் தெரியாது. அவை மேலே உள்ள அழுத்தக் கோடுகளிலும் கொள்ளளவுக் கோட்டிலும்தான் தெரியும். எல்லாவற்றையும் ஒரே நேர அச்சில் அடுக்கி வைக்கும் இந்தப் படத்துக்கு, அமெரிக்க உடலியல் அறிஞர் கார்ல் விக்கர்ஸின் பெயரால் விக்கர்ஸ் வரைபடம் என்று பெயர். அதை இடமிருந்து வலமாக ஒவ்வொரு கோடாகப் படித்தால் குழப்பம்தான் மிஞ்சும். ஒரு அளவுகோலைச் செங்குத்தாக வைத்து, அதைக் கொஞ்சம் கொஞ்சமாக வலது பக்கம் நகர்த்திக்கொண்டே, ஒவ்வொரு நிறுத்தத்திலும் எல்லாக் கோடுகளையும் மேலிருந்து கீழாகப் பார்க்க வேண்டும்.

சரி, நகர்த்துவோம். நிமிடத்துக்கு 75 துடிப்பு என்று வைத்துக்கொண்டால் ஒரு சுற்றுக்கு 0.8 நொடி. இசிஜி தாள் வழக்கமாக நொடிக்கு 25 மி.மீ. வேகத்தில் ஓடும். எனவே 1 மி.மீ. கொண்ட சின்னக் கட்டம் ஒன்று 0.04 நொடி, ஐந்து சின்னக் கட்டம் சேர்ந்த பெரிய கட்டம் 0.2 நொடி. 0.8 நொடிக்கு இருபது சின்னக் கட்டங்கள். ஸ்லைடை அச்செடுத்து, ஒரு P தொடங்கும் இடத்தில் பூஜ்யம் என்று எழுதி, அடுத்த P தொடங்கும் இடம் வரை இருபதாகப் பிரித்துக்கொள்ளுங்கள். நான் கீழே சொல்லும் எண்கள் ஓய்விலிருக்கும் ஆரோக்கியமான இளைஞர் ஒருவரின் இடது பக்க இதயத்துக்குப் பொருந்தும். ஆளுக்கு ஆள் ஒரு கட்டம் முன்பின் இருக்கலாம்.

பூஜ்யத்தில் P தொடங்குகிறது. வலது மேலறையின் மேல்பக்கத்தில் உள்ள சைனஸ் கணுவில் கிளம்பிய தூண்டல் இரண்டு மேலறைகளிலும் பரவுவதுதான் இந்த மேடு. சைனஸ் கணு தூண்டப்படுவதே இசிஜியில் தெரியாது. அது அவ்வளவு சிறியது. இரண்டு கட்டங்களுக்குச் சற்று மேல் ஓடி P முடிகிறது. மேலறை அழுத்தக் கோட்டைப் பாருங்கள். P தொடங்கும்போது அது இன்னும் அசையவில்லை. P பாதி தாண்டிய பிறகுதான் ஏற ஆரம்பித்து, P முடிந்த பிறகு உச்சத்தைத் தொடுகிறது. அந்தச் சிறு மேட்டுக்கு a அலை என்று பெயர். அதாவது மேலறைச் சுருக்கத்தின் பெரும்பகுதி P-க்கும் QRS-க்கும் நடுவே உள்ள தட்டையான துண்டில் நடக்கிறது.

அந்தத் துண்டு ஏன் தட்டையாக இருக்கிறது? தூண்டல் அப்போது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே உள்ள ஏ.வி. கணுவில் மெதுவாக ஊர்ந்துகொண்டிருக்கிறது. கணு மிகச் சிறியது என்பதால் அந்தப் பயணம் தாளில் பதிவாவதில்லை. இங்கே ஏற்படும் சுமார் 0.1 நொடித் தாமதம் மேலறைக்குக் கிடைக்கும் அவகாசம். இது இல்லாவிட்டால் மேலறை ரத்தத்தைத் தள்ளிக்கொண்டிருக்கும்போதே கீழறை கதவைச் சாத்திவிடும். கொள்ளளவுக் கோட்டில் இதைப் பார்க்கலாம்: மேலறை சுருங்கும் முன் இடது கீழறையில் ஏறத்தாழ 105 மி.லி. ரத்தம் இருக்கிறது, சுருங்கி முடித்ததும் 120. நிரம்புவதில் ஐந்தில் ஒரு பங்குதான் மேலறையின் உபயம், மிச்சம் ஏற்கெனவே தானாக இறங்கிவிட்டது. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் வந்து மேலறைகள் ஒழுங்காகச் சுருங்காமல் போனாலும் பலர் ஓய்வில் சமாளித்துக்கொள்வதற்கும், மாடிப்படி ஏறும்போது மட்டும் மூச்சு வாங்குவதற்கும் இது ஒரு முக்கியக் காரணம்.

நான்காவது கட்டத்தில் QRS தொடங்குகிறது, ஆறாவதில் முடிகிறது. தூண்டல் ஹிஸ் கற்றை, அதன் கிளைகள், பர்கின்ஜி நார்கள் வழியாக இறங்கிக் கீழறைத் தசை முழுவதும் பரவும் நேரம் இது. கீழறைத் தசை நிறைய இருப்பதால் மேடும் உயரம். கம்பி போட்டது போன்ற வேகப் பாதையில் பரவுவதால் அகலம் குறைவு. இங்கே அளவுகோலை நிறுத்தி மேலே பாருங்கள். QRS தொடங்கிய நொடியில் கீழறை அழுத்தம் இன்னும் 8 முதல் 10 மி.மீ. பாதரசத்தில்தான் இருக்கிறது. ஏறக்குறைய ஐந்தாவது கட்டத்தில் அது மேலறை அழுத்தத்தைத் தாண்டுகிறது, மைட்ரல் வால்வு மூடுகிறது, முதல் இதய ஒலி கேட்கிறது. வால்வை மூடுவது மின்சாரம் அல்ல. இரண்டு பக்க அழுத்தத்தில் எது பெரியது என்பதே வால்வைத் திறக்கிறது, மூடுகிறது. தேர்வில் "QRS வால்வை மூடுகிறது" என்று எழுதுகிறவர்கள் ஒவ்வொரு வருடமும் இருக்கிறார்கள்.

ஐந்திலிருந்து ஆறரை வரை உள்ள ஒன்றரைக் கட்டம்தான் வடம் விறைக்கும் நேரம். மைட்ரல் மூடிவிட்டது, பெருந்தமனி வால்வு இன்னும் திறக்கவில்லை, ஏனென்றால் பெருந்தமனியில் 80 மி.மீ. அழுத்தம் காத்திருக்கிறது. உள்ளே 120 மி.லி. ரத்தம் போக வழியில்லாமல் நிற்கிறது. கொள்ளளவுக் கோடு துளியும் அசையவில்லை, அழுத்தக் கோடு மட்டும் செங்குத்தாக 80 வரை பாய்கிறது. இதுதான் கொள்ளளவு மாறாச் சுருக்கம், ஐசோவால்யூமெட்ரிக் கான்ட்ராக்‌ஷன். ஒட்டுமொத்தம் 0.06 நொடிதான், ஆனால் ஸ்லைடில் இதை அடையாளம் காண்பது மிக எளிது: கொள்ளளவுக் கோடு படுத்திருக்கும், அழுத்தக் கோடு எழுந்து நிற்கும். இந்தச் சேர்க்கை படத்தில் வேறெங்கும் வராது.

ஆறரையில் கீழறை அழுத்தம் பெருந்தமனியைத் தாண்டுகிறது, வால்வு திறக்கிறது, ரத்தம் வெளியேறுகிறது. இப்போது கீழே இசிஜியைப் பாருங்கள்: QRS ஏற்கெனவே முடிந்துவிட்டது! QRS தொடங்கி 0.1 நொடி கழித்துத்தான் முதல் சொட்டு ரத்தமே வெளியே வருகிறது. அடுத்து வரும் தட்டையான ST துண்டில் இசிஜி பார்வைக்கு ஓய்வெடுக்கிறது. மேலே அழுத்தம் 120-ஐ நோக்கி ஏறுகிறது, கொள்ளளவு சரசரவென்று இறங்குகிறது. வெளியேறப்போகும் ரத்தத்தில் பெரும்பகுதி இந்த முதல் பாதியிலேயே போய்விடுகிறது. கீழறையின் எல்லாச் செல்களும் ஒரே நிலையில், தூண்டப்பட்ட நிலையில், நிற்பதால் கோடு தட்டை. இதயத்தின் மிகக் கடுமையான உழைப்பு, இசிஜி எதுவுமே சொல்லாத நேரத்தில் நடக்கிறது.

இனி உங்கள் கேள்வியின் மையத்துக்கு வரலாம். T அலை ஒன்பதாவது கட்டம் வாக்கில் மெல்ல எழுந்து, பதினொன்று பன்னிரண்டில் உச்சம் தொட்டு, பதின்மூன்றரையில் முடிகிறது. கீழறைச் செல்கள் மின்னளவில் பழைய நிலைக்குத் திரும்புவதைத்தான் இது காட்டுகிறது. எல்லாச் செல்களும் ஒரே நேரத்தில் திரும்புவதில்லை. அதனால்தான் மீண்டும் வித்தியாசம், மீண்டும் ஒரு மேடு. ஆனால் ஒரு செல் மின்னளவில் திரும்பிய உடனே அதன் இறுக்கம் விட்டுவிடுவதில்லை. உள்ளே இருக்கும் கால்சியத்தைத் திரும்ப வாரி வைக்க நேரம் எடுக்கும். ஆக, T எழும்போது கீழறை சுருங்கிய நிலையிலேயே இருக்கிறது, ரத்தம் இன்னும் வெளியேறுகிறது, வேகம் மட்டும் குறைகிறது. T முடியும் இடத்தில்தான் வெளியேற்றம் நிற்கிறது. நீங்கள் படத்தில் பார்த்தது அதைத்தான். T என்பது "இனித் தளரலாம்" என்ற விசில். தளர்வு நடப்பது பெரும்பாலும் அதற்குப் பிறகு.

இந்த இடத்தில் கூர்மையான மாணவர் ஒருவர் எப்போதும் இன்னொன்றைக் கேட்பார். வெளியேற்றத்தின் பிற்பாதியில் பெருந்தமனி அழுத்தக் கோடு கீழறைக் கோட்டைவிடச் சற்று மேலே ஓடுகிறதே, அப்புறம் ரத்தம் எப்படி எதிர்த்துப் போகிறது? தேர் உருள ஆரம்பித்த பிறகு வடத்தைத் தளர்த்தினாலும் கொஞ்ச தூரம் தானாக ஓடுமல்லவா, அதே கதைதான். வேகம் பிடித்த ரத்தம் அந்த வேகத்தாலேயே சிறிது நேரம் முன்னே போகிறது. கடைசியில் வேகம் தீர்ந்து, ஓட்டம் திரும்பப் பார்க்கும் கணத்தில் பெருந்தமனி வால்வு மூடுகிறது. பதின்மூன்றரை. இரண்டாம் இதய ஒலி. பெருந்தமனிக் கோட்டில் ஒரு சின்ன வெட்டு, இன்சிசுரா. T-யின் முடிவு, இரண்டாம் ஒலி, வெட்டு மூன்றும் அளவுகோலில் ஏறத்தாழ ஒரே செங்கோட்டில் விழ வேண்டும். உங்கள் ஸ்லைடு ஒழுங்காக வரையப்பட்டதா என்று பார்க்க இதைவிட நல்ல சோதனை எனக்குத் தெரியாது. கீழறையில் இப்போது 50 மி.லி. மிச்சம். 120-இல் 70 போயிருக்கிறது, அதாவது 58 சதவீதம். எக்கோ அறிக்கையில் எஜெக்‌ஷன் ஃபிராக்‌ஷன் என்று வருவது இந்தக் கணக்குதான்.

பதின்மூன்றரையிலிருந்து பதினைந்து வரை மறுபடியும் இரண்டு கதவுகளும் சாத்தியிருக்கின்றன. கொள்ளளவு 50-இலேயே படுத்திருக்க, அழுத்தம் செங்குத்தாக விழுகிறது. கொள்ளளவு மாறாத் தளர்வு. அது மேலறை அழுத்தத்துக்குக் கீழே போன கணத்தில் மைட்ரல் திறக்கிறது. இவ்வளவு நேரமும் மேலறை சும்மா இல்லை. கதவு சாத்தியிருந்ததால் நுரையீரலிலிருந்து வந்த ரத்தத்தைச் சேர்த்துக்கொண்டே வந்தது. அப்படி மெல்ல ஏறிய அழுத்தம்தான் v அலை, அதன் உச்சி மைட்ரல் திறக்கும் இடம். திறந்ததும் தேங்கி நின்ற ரத்தம் கீழறைக்குள் கொட்டுகிறது. பதினைந்திலிருந்து பதினெட்டரை வரை கொள்ளளவுக் கோடு பாய்ந்து ஏறும். சுற்றிலேயே அதிக ரத்தம் நிரம்பும் நேரம் இது. இசிஜியில்? ஒன்றுமில்லை, T முடிந்த பிறகு வரும் வெற்றுக் கோடு. அதற்குப் பிறகு நிரப்பம் மந்தமாகி, இருபதில் அடுத்த P.

வலது பக்கத்துக்குத் தனியாக எதுவும் படிக்க வேண்டியதில்லை. அதே வரிசை, அதே வடிவம்; வலது கீழறையின் உச்ச அழுத்தம் மட்டும் 120-க்குப் பதில் 25 வாக்கில். நுரையீரல் தமனி வால்வு பெருந்தமனி வால்வுக்குச் சற்றுப் பின்னால் மூடும். மூச்சை உள்ளே இழுக்கும்போது அந்த இடைவெளி கூடி, இரண்டாம் ஒலி இரண்டாகப் பிரிந்து கேட்கும். இளைஞர்களிடம் இது இயல்பு.

இப்போது அதே இருபது கட்டங்களை வைத்து நார்மல் இசிஜியைப் படிக்கலாம். ஸ்லைடில் போடுவது பெரும்பாலும் லீட் II, P-யும் R-உம் T-யும் நிமிர்ந்து நிற்கும். எண்ணுங்கள். ஒரு R-இலிருந்து அடுத்த R வரை நான்கு பெரிய கட்டம்; 300 ÷ 4 = 75. ஒவ்வொரு QRS-க்கு முன்னும் ஒரு P, ஒவ்வொரு P-க்குப் பின்னும் ஒரு QRS. P மூன்று சின்னக் கட்டத்துக்குள். P தொடக்கத்திலிருந்து QRS தொடக்கம் வரையான PR இடைவெளி நம் உதாரணத்தில் நான்கு, அதாவது 0.16 நொடி, மூன்றிலிருந்து ஐந்து வரை இயல்பு. QRS இரண்டு, மூன்றை எட்டக் கூடாது. QRS தொடக்கத்திலிருந்து T முடிவு வரை ஒன்பதரை, 0.38 நொடி. இதைத் துடிப்பின் வேகத்துக்கு ஏற்பத் திருத்த 1920-இல் பாசெட் கொடுத்த சூத்திரத்தைத்தான் இன்றும் பெரும்பாலும் பயன்படுத்துகிறார்கள்:

```
QTc = QT ÷ √RR = 0.38 ÷ √0.8 ≈ 0.425
```

ஆண்களுக்கு 0.45, பெண்களுக்கு 0.46 நொடி வரை பொதுவாக இயல்பு என்று எடுத்துக்கொள்வார்கள். நம் ஆள் தேறிவிட்டார். aVR லீடில் எல்லாம் தலைகீழாக இருந்தால் பயப்பட வேண்டாம், அங்கே அப்படித்தான் இருக்கும். மாறாக லீட் I-இல் P தலைகீழாக இருந்தால், நோயாளியைப் பற்றி யோசிக்கும் முன் இடது கை, வலது கை ஒயர்கள் மாறியிருக்கிறதா என்று பாருங்கள். லேபில் நாங்கள் பார்க்கும் "அசாதாரண" இசிஜிகளில் நிறைய அந்த வகை.

இந்த எண்கள் 75 துடிப்புக்கு மட்டுமே என்பதை மறந்துவிட வேண்டாம். துடிப்பு 150 ஆனால் சுற்றுக்கு இருபதுக்குப் பதில் பத்தே கட்டம். வெளியேற்றம் அவ்வளவாகச் சுருங்காது. குறைவதெல்லாம் பெரும்பாலும் நிரப்ப நேரம்தான். கடைசியில் வந்த அந்த மந்தமான நிரப்பம் முதலில் காணாமல் போகும். P, முந்தைய T-யின் வாலில் ஏறி உட்கார்ந்துவிடும். மேலறையின் 15 மி.லி. அப்போதுதான் உண்மையில் தேவைப்படுகிறது.

ஸ்லைடுகளைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் நானே ஏமாந்திருக்கிறேன். கைமாறிக் கைமாறி வந்த ஒரு ஸ்லைடை சில வருடங்கள் வகுப்பில் காட்டிக்கொண்டிருந்தேன். அதில் R-இன் உச்சியும் கீழறை அழுத்தத்தின் உச்சியும் ஒரே செங்கோட்டில் இருந்தன. யாரோ இசிஜியைத் தனியாக வெட்டி ஒட்டும்போது அது வலது பக்கம் நழுவியிருக்கிறது. பின்வரிசையில் இருந்த ஒரு பெண் எழுந்து, "சார், ரத்தம் பாதி போன பிறகா கீழறைக்குத் தகவல் வருது?" என்று கேட்ட பிறகுதான் எனக்கு உறைத்தது. R-க்கும் அழுத்த உச்சிக்கும் நடுவே குறைந்தது மூன்று நான்கு சின்னக் கட்டம் இருக்க வேண்டும். இன்னொரு தொல்லை எண்களில் வருகிறது. சில புத்தகங்கள் மேலறைச் சுருக்கத்தை முதல் நிலை என்று தொடங்கும், சில கொள்ளளவு மாறாச் சுருக்கத்திலிருந்து தொடங்கும். அதனால் "மூன்றாம் நிலை" என்று ஒருவர் சொல்வதும் இன்னொருவர் சொல்வதும் வேறு வேறாக இருக்கலாம். நிலைகளைப் பெயரால் எழுதுங்கள், எண்ணால் வேண்டாம்.

இதுவரை சொன்னதில் வால்வுகள் எப்போது திறந்து மூடுகின்றன, அழுத்தங்கள், கொள்ளளவுகள், இசிஜி அலைகள் எதைக் குறிக்கின்றன என்பவை உறுதியானவை. நேரடியாக அளந்து பார்த்தவை. சில விஷயங்கள் ஸ்லைடில் அதே உறுதியோடு எழுதப்பட்டிருந்தாலும் அவ்வளவு உறுதியானவை அல்ல. முதல் ஒலி வால்வு இதழ்கள் மோதுவதால் வருகிறது என்று எழுதியிருக்கும். மூடும் கணத்தில் ரத்தம், வால்வு, தசைச் சுவர் எல்லாம் சேர்ந்து அதிர்வதே ஒலி என்பது பலருடைய கருத்து. நேரம் பொருந்துகிறது என்பதில் சண்டை இல்லை, சத்தம் எதிலிருந்து என்பதில்தான். a-க்கும் v-க்கும் நடுவே வரும் c அலையும் அப்படித்தான்: மேலறைக்குள் நேரடியாக அளந்தால் மூடிய வால்வு மேலே உப்புவதால் வருகிறது என்று சொல்லலாம்; கழுத்துச் சிரையில் பதிவு செய்தால் பக்கத்தில் துடிக்கும் கரோட்டிட் தமனியின் தாக்கமும் அதில் கலந்திருக்கும். T-க்குப் பிறகு சிலருக்குத் தெரியும் சிறிய U அலைக்கு இன்னும் எல்லோரும் ஒப்புக்கொண்ட விளக்கம் இல்லை. T ஏன் நிமிர்ந்து இருக்கிறது என்ற கேள்விக்கு, கடைசியில் தூண்டல் பெறும் வெளிப்பக்கத் தசை முதலில் திரும்புகிறது என்ற பதில் தேர்வுக்குப் போதும். அது அடிப்படையில் சரி, ஆனால் மனித இதயத்தில் முழுக் கதை அதைவிடச் சிக்கலானது.

என் எல்லையையும் சொல்லிவிடுகிறேன். நான் ஃபிசியாலஜி ஆசிரியர், இதய நிபுணர் அல்ல. இங்கே சொன்னது ஒரு நார்மல் பதிவைப் புரிந்துகொள்ள உதவும். வீட்டில் யாருக்கோ எடுத்த இசிஜியை வைத்துக்கொண்டு இதன்படி "எல்லாம் நார்மல்" என்று முடிவு கட்ட உதவாது. இசிஜி நார்மலாக இருந்தும் வால்வு பழுதாக இருக்கலாம், மாரடைப்பின் முதல் பதிவு நார்மலாகவே இருக்கலாம். இதன் உச்சம், பல்ஸ்லெஸ் எலக்ட்ரிக்கல் ஆக்டிவிட்டி என்ற நிலை. மானிட்டரில் P, QRS, T வரிசையாக ஓடக்கூடும், ஆனால் கழுத்தில் நாடி இருக்காது. விசில் ஊதுகிறது, தேர் நகரவில்லை. இசிஜி சுருக்கத்தை அளப்பதில்லை என்று ஆரம்பத்தில் சொன்னது ஏட்டுச் சங்கதி அல்ல என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

அடுத்த முறை லேபில் மானிட்டர் கிடைத்தால் ஒரு நண்பரைப் படுக்க வைத்து, பச்சைக் கோட்டில் R துள்ளுவதைக் கண்ணால் பார்த்துக்கொண்டே அவர் மணிக்கட்டில் விரல் வையுங்கள். R வந்து ஏறத்தாழ 0.2 நொடி, அதாவது ஒரு பெரிய கட்டம் கழித்துத்தான் விரலில் நாடி தட்டும். அந்தத் தாமதத்தில் பாதி, வடம் விறைத்துக் கதவு திறக்கும் நேரம். மீதி, நாடி அலை கைவரை வந்து சேரும் நேரம். மானிட்டரே திரையில் காட்டச் சற்றுத் தாமதிக்கும் என்பதால் துல்லியமாக அளக்க முயலாதீர்கள். கையும் கண்ணும் ஒத்துப்போகவில்லை என்பது தெரிந்தால் போதும்.